மூடிய கம்பெனியின் கணக்கு



பெரிய நிறுவனம் ஒன்று திவாலானால் அதைப் பற்றி ஆயிரம் பக்கம் எழுதப்படுகிறது. தீர்ப்பாயம், தீர்வு அலுவலர், கடன் கொடுத்தோர் குழு எல்லாம் வந்து நிற்கிறார்கள். இருபது தையல் மிஷின் வைத்து நடத்திய ஒரு பனியன் கம்பெனி மூடினால் யாரும் எதுவும் எழுதுவதில்லை. ஜி.எஸ்.டி. பதிவை ரத்துசெய்யும் விண்ணப்பத்தில் காரணம் கேட்கும் இடத்தில் தொழில் நிறுத்தப்பட்டது என்று ஒரு வரி இருக்கும். அதோடு சரி. பத்து வருடம் ஒரு குடும்பம் கற்றுக்கொண்டது அந்த ஒரு வரிக்குள் புதைந்துவிடுகிறது.

இன்று அப்படிப்பட்ட ஒரே ஒரு கம்பெனியை எடுத்துக்கொண்டு பேசப்போகிறேன். திருப்பூர் புறநகரில் 2011இல் தொடங்கி, 2022 அக்டோபரில் மூடிய கம்பெனி. மூடிய பிறகு அந்தக் குடும்பத்தாரோடு உட்கார்ந்து, எது அவர்கள் கையில் இருந்தது, எது காலத்தின் அடி என்று பிரித்து ஓர் அறிக்கை எழுதினோம். ஆளை அடையாளம் காண முடியாதபடி பெயரையும் இடத்தையும் விட்டுவிட்டேன். தொகைகளை முழு எண்களாக்கியிருக்கிறேன், அவற்றுக்கிடையே உள்ள விகிதம் மாறவில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொழில் மூடியவர்கள் நடந்தவற்றை இரண்டு பட்டியலாகப் பிரிக்கிறார்கள். கொரோனா, நூல் விலை, வாங்கியவர் ஏமாற்றியது ஆகியவை கெட்ட நேரம். மிஷின் வாங்கியது, கடன் வாங்கியது ஆகியவை தவறு. இந்தப் பிரிப்பு பயன்படாது. ஒவ்வொரு நட்டத்துக்குள்ளும் இரண்டும் கலந்தே இருக்கின்றன. அடி வெளியிலிருந்து வருகிறது. அது எவ்வளவு ஆழம் இறங்கும் என்பதை, பல மாதம் முன்பு எடுத்த முடிவு தீர்மானிக்கிறது. ஆகவே கோட்டை நிகழ்ச்சிகளுக்கு நடுவில் போடாமல் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கு உள்ளே போட வேண்டும். அதைப் போட முடியும் என்பதைத்தான் இங்கே காட்ட விரும்புகிறேன்.

1. கம்பெனியின் அமைப்பு

இவர்கள் உள்நாட்டுச் சந்தைக்குக் குழந்தைகள் டி-சர்ட் தைத்தவர்கள். மில்லில் நூல் வாங்கி, நிட்டிங்குக்குக் கொடுத்து, டையிங்குக்கு அனுப்பி, காம்பாக்டிங் முடிந்து வரும் துணியைத் தங்கள் இடத்தில் வெட்டித் தைத்து, அயர்ன் செய்து, பண்டல் போட்டு லாரி ஆபீஸில் ஏற்றுவார்கள். நூல் வாங்கிய நாளிலிருந்து பண்டல் ஏறும் வரை ஏறத்தாழ 45 நாள். சரக்கு போன பிறகு பணம் வர 90 நாள். மில்லுக்கு 15 நாளில் பணம் கட்டிவிட வேண்டும். ஆக, போட்ட ஒரு ரூபாய் திரும்பி வர நான்கு மாதம்.

மாதம் ஏறக்குறைய 22 லட்சத்துக்கு விற்றார்கள். நூல், கூலி, வாடகை, கரண்ட் எல்லாம் சேர்த்து 21 லட்சம் போட வேண்டியிருந்தது. நான்கு மாதத்துக்கு 84 லட்சம். இதில் 44 லட்சம் சொந்த முதல். 40 லட்சம் வங்கியின் சி.சி. லிமிட். மீதி நிற்கும் மாதம் ஒரு லட்சத்தில் வட்டியும் ஏஜெண்ட் கமிஷனும் திரும்பி வந்த சரக்கும் போக, வருடத்துக்கு மூன்று லட்சம் நின்றால் அது நல்ல வருடம். இந்த 84 லட்சத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கம்பெனிக்கு மிச்சம் என்று ஒன்று இருந்ததே இல்லை. எல்லாப் பணமும் எப்போதும் நூலாகவோ துணியாகவோ பார்ட்டிகளிடம் நிற்கும் பாக்கியாகவோ இருந்தது.

2. மூன்று விளக்கம், ஒரு சோதனை

முதல் நாள் பேசியபோது மூவர் மூன்று காரணம் சொன்னார்கள். முதலாளி, “எல்லாம் கொரோனாவுல போச்சுங்க சார்” என்றார். கணக்கு எழுதிய அவர் மனைவி, “அந்த டெல்லி பார்ட்டி பணம் வந்திருந்தா நாங்க நின்னிருப்போமுங்க” என்றார். மைத்துனருக்குச் சந்தேகமே இல்லை. “மச்சான் மிஷின் வாங்குனாரு பாருங்க, அன்னைக்கே முடிஞ்சுது” என்றார்.

மூவரும் கண்டதைத்தான் சொன்னார்கள். ஆனால் மூவருமே முடிவைத் தெரிந்துகொண்டு பின்னோக்கிப் பார்த்தவர்கள். நடந்து முடிந்த பிறகு பார்த்தால் எல்லாமே முன்பே தெரிந்திருக்க வேண்டியதாகத் தோன்றும். இதைத் தவிர்க்க இரண்டு கேள்விகளை மட்டும் வைத்துக்கொண்டோம். முதல் கேள்வி: முடிவெடுத்த அந்த நாளில் கையில் இருந்த காகிதங்களை வைத்து இந்த ஆபத்து தெரிந்திருக்குமா? இரண்டாவது: இவர்களே முன்பு வகுத்துக்கொண்ட விதி ஒன்று இருந்து, அதன்படி நடந்திருந்தால் நட்டம் எவ்வளவு குறைந்திருக்கும்? இரண்டாம் கேள்விக்கு வரும் விடைதான் தவிர்த்திருக்கக்கூடிய பங்கு. மீதியைக் காலத்தின் கணக்கில் எழுதினோம்.

இதற்கு ஞாபகம் போதாது. வங்கி ஸ்டேட்மெண்ட், மாதாமாதம் வங்கிக்குக் கொடுத்த ஸ்டாக் ஸ்டேட்மெண்ட், மில் பில்கள், பார்ட்டி வாரியான லெட்ஜர், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், இவற்றைத் தேதி வரிசையில் அடுக்கினோம். இந்த வீட்டில் இன்னொரு நல்ல ஆவணமும் இருந்தது. அந்த அம்மா 2012 முதல் ஒரு நீள நோட்டில், கணவரோடு பேசி முடிவு செய்தவற்றைத் தேதி போட்டு எழுதி வைத்திருந்தார்.

3. 2020 ஊரடங்கு

இதில் அதிகம் சொல்ல எதுவும் இல்லை. 2020 மார்ச் 25 முதல் வேலை நின்றது. வடமாநிலத் தொழிலாளர்கள் ஊருக்குப் போனார்கள். வாடகை, ஊழியர்களுக்குக் கொடுத்த முன்பணம், விற்காமல் தங்கிய சீசன் சரக்கு எல்லாம் சேர்த்து நான்கு லட்சம் போனது. கடன் தவணை வட்டிக்கு ரிசர்வ் வங்கி ஆகஸ்ட் 31 வரை கொடுத்த அவகாசத்தைப் பயன்படுத்தினார்கள். 2020 பிப்ரவரி 29 அன்று நின்ற கடனில் 20 சதவீதம் அரசு உத்தரவாதத்தோடு கூடுதலாகக் கிடைத்தது. 35 லட்சம் நின்றதால் ஏழு லட்சம் வந்தது. முதல் வருடம் அசல் கட்ட வேண்டியதில்லை. கிடைத்ததை நூல் வாங்கவே செலவிட்டார்கள். நான்கு லட்சமும் காலத்தின் கணக்கு. முதலாளி சொன்ன கொரோனாவின் நேரடிச் செலவு இவ்வளவுதான்.

4. டெல்லி பாக்கி

டெல்லி காந்தி நகர் மொத்தச் சந்தையில் ஒரு வியாபாரி ஆறு வருடமாக இவர்களிடம் வாங்கினார். கடைசியில் விற்பனையில் 40 சதவீதம் அவருக்கே போனது. மாதம் ஒன்பது லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. 90 நாள் கடன். ஆகவே 26 லட்சம் அவரிடம் நின்றது. 2021 ஏப்ரலில் இரண்டாம் அலை வந்தது. டெல்லியில் ஊரடங்கு. அந்த வியாபாரி இறந்துபோனார். கடை மூடியது. வாரிசுகள் நல்லவர்கள், இருந்ததைப் பிரித்து எட்டு லட்சம் கொடுத்தார்கள். பதினெட்டு லட்சம் போய்விட்டது.

ஒரு மனிதர் தொற்றில் இறந்தது யார் தவறும் இல்லை. ஆனால் நோட்டில் 2014 ஜூன் மாதத்துப் பக்கத்தில், எந்தப் பார்ட்டிக்கும் பத்து லட்சத்துக்கு மேல் நிற்கக் கூடாது என்று அந்த அம்மாவின் கையெழுத்தில் இருக்கிறது. அதற்கு முன் ஈரோட்டுப் பார்ட்டி ஒன்றிடம் சிறிய தொகை ஒன்று சிக்கியபோது எழுதியது. 2018 வரை அந்த விதி நின்றது. பிறகு லெட்ஜரில் டெல்லியின் தொகை 12, 17, 22 என்று ஏறுகிறது. ஒவ்வொரு மாதமும் அந்த எண்ணை இருவரும் பார்த்தார்கள். சரியாகப் பணம் தருகிறவர், சரக்கைத் திருப்பி அனுப்பாதவர், பிறகு என்ன என்று விட்டுவிட்டார்கள்.

இங்கேதான் கோட்டை உள்ளே போட வேண்டும். பத்து லட்சத்தோடு நிறுத்தியிருந்தாலும் அந்த மரணம் நிகழ்ந்திருக்கும். 26க்கு எட்டு வந்த அதே விகிதத்தில் பத்துக்கு மூன்று வந்திருக்கும். ஏழு லட்சம் போயிருக்கும். அந்த ஏழு காலத்தின் கணக்கு. மீதி பதினொன்று தவிர்த்திருக்கக்கூடியது. விதியைக் காத்திருந்தால் விற்பனை குறைந்திருக்கும் என்று முதலாளி சொன்னார். உண்மைதான். வருடத்துக்கு ஒரு லட்சம் லாபம் குறைந்திருக்கலாம். பதினொரு லட்சத்தைக் காக்க அது கொடுக்க வேண்டிய விலை.

மாணவர்கள் ஒரு கேள்வி கேட்பீர்கள். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டுமே, தராவிட்டால் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு கூட்டுவட்டி உண்டே, அதைக் கேட்டிருக்கலாமே என்று. அந்தச் சட்டம் முதலாளிக்குத் தெரியும். “கேஸ் போட்டா அடுத்த ஆர்டர் வராதுங்க” என்றார். உள்நாட்டுப் பனியன் வியாபாரத்தில் 90 நாள் என்பதே வாய்மொழி ஒப்பந்தம். ஒரே ஆளிடம் 40 சதவீதம் விற்கிறவருக்கு அந்தச் சட்டம் ஏட்டில் மட்டுமே இருக்கும். உரிமையைக் கேட்கும் தெம்பு, பார்ட்டி பலராகப் பிரிந்திருந்தால்தான் வரும்.

5. லாபமாகத் தெரிந்த நூல்

மைத்துனர் சொன்ன மிஷின் விஷயம் இது. இந்த அறிக்கையில் நான் அதிகம் கற்றுக்கொண்ட பகுதியும் இதுதான்.

2021 மார்ச்சில் வருடக் கணக்கு முடித்தபோது எட்டு லட்சம் லாபம் நின்றது. ஊரடங்கு வந்த வருடத்தில் எட்டு லட்சம்! வழக்கமாக மூன்று. மகிழ்ச்சியில் ஏப்ரல் முதல் வாரம் 18 லட்சத்துக்கு எம்பிராய்டரி மிஷின் வாங்கினார்கள். ஐந்து லட்சம் கையிலிருந்து. பதிமூன்று லட்சம் சி.சி.யிலிருந்து.

எட்டு லட்சம் எங்கிருந்து வந்தது என்று அன்று யாரும் கேட்கவில்லை. மில் பில்களைப் பார்த்தால் 2020 அக்டோபரில் கிலோ 200 ரூபாய்க்கு வாங்கிய நூலை 2021 மார்ச்சில் 270க்கு வாங்கியிருக்கிறார்கள். நூலாக, துணியாக, தைத்த பீஸாக இவர்களிடம் எப்போதும் 7,000 கிலோ இருக்கும். பழைய விலை நூலில் தைத்ததை, நூல் ஏறிய பிறகு வந்த புதிய விலைக்கு விற்றார்கள். 7,000 கிலோவுக்கு 70 ரூபாய் வீதம் ஏறக்குறைய ஐந்து லட்சம். தையலில் சம்பாதித்தது வழக்கம்போல் மூன்றுதான்.

அந்த ஐந்து லட்சத்தைச் செலவு செய்யவே முடியாது. ஏனென்றால் அதே 7,000 கிலோவைத் திரும்ப நிரப்ப இப்போது ஐந்து லட்சம் கூடுதலாக வேண்டும். விலை ஏறும் காலத்தில் கணக்குப் புத்தகம் காட்டும் லாபத்தில் ஒரு பகுதி நூலுக்கே சொந்தம். கிலோவில் பார்த்தால் இது உடனே தெரியும்: வருட ஆரம்பத்தில் எத்தனை கிலோ, இறுதியில் எத்தனை கிலோ, கையில் பணம் எவ்வளவு கூடியது? இவர்களுக்குக் கிலோ கூடவில்லை, கைப்பணமும் கூடவில்லை. லாபம் ஏட்டில் மட்டும் எட்டாக நின்றது. மில் பில்லும் ஸ்டாக் நோட்டும் அன்று கையில் இருந்தன. ஆகவே முதல் கேள்விக்கு விடை, தெரிந்திருக்கும் என்பதே.

மிஷின் வாங்கியது மட்டும் பிழை என்றால் அது சிறு பிழை. சி.சி.யில் வாங்கியது பெரிய பிழை. அந்த லிமிட் நான்கு மாதத்தில் திரும்பும் சரக்குக்கானது. மிஷினில் போட்டது திரும்ப ஐந்து வருடம் ஆகும். அதே பதிமூன்று லட்சத்தை ஐந்து வருடத் தவணைக் கடனாக வாங்கியிருந்தால் மாதம் 28 ஆயிரம் கட்டியிருப்பார்கள். நூல் வாங்கும் பணம் அப்படியே இருந்திருக்கும். தவணைக் கடனுக்கு ஆறு வாரம் ஆகும், மிஷின் வேறொருவருக்குப் போய்விடும் என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். மிஷின் இரண்டு லட்சம் சம்பாதித்துக் கொடுத்தது; மூடியபோது ஏழு லட்சத்துக்கு விற்றது. நட்டம் ஒன்பது லட்சம். முழுவதும் தவிர்த்திருக்கக்கூடியது.

6. அறுபதாயிரம் பீஸ்

டெல்லியில் பதினெட்டு, மிஷினில் பதிமூன்று. 84 லட்சத்தில் 31 லட்சம் அசையாமல் நின்றுவிட்டது. இந்த நிலையில் 2021 அக்டோபர் கடைசி வாரம் மும்பைப் பார்ட்டி ஒருவர் 60,000 பீஸுக்கு ஆர்டர் கொடுத்தார். பீஸ் 100 ரூபாய், மாறாத விலை.

அன்றைய கணக்கு சரியாகவே இருந்தது. பீஸுக்கு 150 கிராம் நூல், கிலோ 280 ரூபாய் வீதம் 42 ரூபாய். நிட்டிங், டையிங், காம்பாக்டிங் 15. வெட்டு, தையல், அயர்ன், பேக்கிங் 28. மற்றவை எட்டு. மொத்தம் 93, பீஸுக்கு ஏழு ரூபாய் நிற்கும். ஆர்டர் முழுக்க 4 லட்சத்து 20 ஆயிரம். ஆனால் இந்தக் கணக்கு 9,000 கிலோ நூலையும் அன்றே 280க்கு வாங்கினால் மட்டும் சரி. வாங்கியது 3,000 கிலோ. அதற்குமேல் லிமிட் இல்லை.

நவம்பர் 1 அன்று மில்கள் கிலோவுக்கு 50 ரூபாய் ஏற்றின. திருப்பூரே கொதித்தது, உற்பத்தியாளர்கள் கதவடைத்துப் போராடினார்கள். இவர்கள் 2,000 கிலோவை 330க்கும், மீதி 4,000 கிலோவை 355க்கும் வாங்கினார்கள். முதலில் ஒரு லட்சம், பிறகு மூன்று லட்சம். ஆக நான்கு லட்சம் கூடுதல். இரண்டரை மாதம் கம்பெனி முழுவதும் ஓடி, அந்த ஆர்டரில் மிஞ்சியது 20 ஆயிரம்.

ஒரே நாளில் 50 ரூபாய் ஏறும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் ஒன்றாம் தேதி மில் புதிய விலை அறிவிக்கும் என்பது இந்த ஊரில் சிறுபிள்ளைக்கும் தெரியும். ஒன்றாம் தேதிக்குச் சில நாள் இருக்கையில், 6,000 கிலோவைத் திறந்து வைத்துக்கொண்டு மாறாத விலை கொடுத்தது அவர்கள் முடிவு. நூல் மாறினால் ரேட் மாறும் என்று ஒரு வரி கேட்டிருக்கலாம். கையில் இருக்கும் நூலுக்கு 20,000 பீஸ் மட்டும் ஒப்புக்கொண்டிருக்கலாம். நான்கு லட்சத்தையும் தவிர்த்திருக்கக்கூடியதில் எழுதினோம். மிஷினுக்குப் போன பணம் இருந்திருந்தால் அன்றே கூடுதலாக 4,600 கிலோ வாங்கியிருப்பார்கள் என்பதையும் பக்கத்தில் குறித்தோம். பிழைகள் இப்படித்தான் ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு வருகின்றன.

7. சரியான முடிவு, கெட்ட பலன்

2022 மே மாதம் பருத்தி 356 கிலோ கொண்ட ஒரு கேண்டி ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. அந்த மாதம் இன்னொரு ஆர்டர் வந்தது, 33,000 பீஸ். சூடுபட்ட அனுபவத்தில், ஆர்டர் உறுதியான அன்றே தேவையான 5,000 கிலோவையும் 400 ரூபாய்க்கு வாங்கிவிட்டார்கள். செய்ய வேண்டியதும் அதுதான்.

அடுத்த மாதங்களில் நூல் விலை சரிந்தது. ஜூலையில் அந்தப் பார்ட்டி, இப்போது வேறிடத்தில் குறைவாகக் கிடைக்கிறது, ஆர்டர் வேண்டாம் என்று போனில் சொல்லிவிட்டார். பாதித் துணி அவர் கேட்ட கலரில் டையிங் ஆகி வந்திருந்தது. அதை மற்றவர் வாங்கவில்லை. ஆறு லட்சம் நட்டத்தில் கழித்தார்கள்.

குடும்பத்தில் எல்லோரும் இதைத் தவறு என்றார்கள். உச்ச விலையில் வாங்கினோமே என்றார்கள். நான் ஒப்பவில்லை. அன்று அது உச்சம் என்று எந்தக் காகிதத்திலும் இல்லை. விற்ற விலைக்கு ஈடாக நூலைப் பூட்டிக்கொள்வது சரியான வழி. பலன் கெட்டது என்பதற்காக முடிவைத் தவறு என்று எழுதினால், அடுத்த முறை இவர்கள் நூலைத் திறந்து வைத்துவிடுவார்கள். அக்டோபர் பிழை திரும்ப வரும். அறிக்கை எழுதுவதில் உள்ள பெரிய ஆபத்து இதுதான். ஆறு லட்சத்தையும் காலத்தின் கணக்கில் எழுதினேன். அந்த அம்மா மட்டும், அட்வான்ஸ் வாங்காமல் கலர் போட்டது நம் தவறு என்று கடைசிவரை சொன்னார். இந்த வியாபாரத்தில் அட்வான்ஸ் வழக்கம் இல்லை என்பது என் பதில். அவர் கருத்தையும் அறிக்கையில் அப்படியே பதிவு செய்தோம்.

8. மூட வேண்டிய நாள்

கடைசி நட்டம் ஒன்பது லட்சம். இது எந்த அடியாலும் வந்ததல்ல. நிறுத்தாமல் ஓட்டியதால் வந்தது.

2022 பிப்ரவரியில் வெளியில் 15 லட்சம் வாங்கினார்கள், நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டி. கணக்கைப் பாருங்கள். நூறு ரூபாய் பீஸில் எல்லாம் சரியாக நடந்தால் ஏழு ரூபாய் நிற்கும். பணம் நான்கு மாதம் மாட்டியிருக்கும். போட்ட 93 ரூபாய்க்கு நான்கு மாத வட்டி ஏறக்குறைய ஏழரை ரூபாய். அதாவது அந்தப் பணத்தில் தைக்கும் ஒவ்வொரு பீஸும், நூல் ஏறாவிட்டாலும், பார்ட்டி ஓடாவிட்டாலும், நட்டம்தான். எத்தனை அதிகம் தைக்கிறார்களோ அத்தனை நட்டம். அந்த நாளே மூடியிருக்க வேண்டும்.

வேறு அடையாளங்களும் காகிதத்தில் இருந்தன. டையிங் பில் முன்பு 30 நாளில் கட்டினார்கள். ஜனவரியில் 75 நாள் ஆனது. ஸ்டாக் ஸ்டேட்மெண்டில் 90 நாளைத் தாண்டிய பாக்கியை வங்கி கணக்கில் எடுக்காது. அதற்காகப் பழைய பாக்கியைப் புது பில்லோடு சேர்த்துக் காட்டத் தொடங்கியிருந்தார்கள். வங்கிக்குக் கொடுக்கும் தாளில் உண்மையை மறைக்க வேண்டிய நிலை வந்தால், மறைப்பவருக்கே அது முதல் எச்சரிக்கை. வட்டியில் 2 லட்சத்து 40 ஆயிரம், மாத நட்டத்தில் ஆறரை லட்சம், ஆக ஏறக்குறைய ஒன்பது லட்சம், எட்டு மாதத்தில் போனது.

ஏன் மூடவில்லை என்று கேட்டேன். முப்பது பேர் வேலை செய்தார்கள். தீபாவளி போனஸ் கொடுத்துவிட்டு மூடலாம் என்று நினைத்தோம் என்றார் முதலாளி. அந்த மனதை நான் மதிக்கிறேன். ஆனால் போனஸுக்கு வைத்திருந்த பணத்தைத்தான் அந்த எட்டு மாதம் தின்றது. பிப்ரவரியில் மூடியிருந்தால் அந்த முப்பது பேருக்கும் கணக்கு முடித்து, கூடுதலாகவே கொடுத்திருக்க முடியும்.

பிப்ரவரியில் மூடியிருந்தால் மே மாத ஆர்டரே வந்திருக்காதே, அந்த ஆறு லட்சமும் தவறுதானே என்று ஒரு மாணவர் முன்பு கேட்டார். அப்படிச் சங்கிலி போட்டால் 2011இல் தொழில் தொடங்கியதே தவறு என்று முடியும். ஒவ்வொரு முடிவையும் அதன் நாளில் நிறுத்தித்தான் பார்க்க வேண்டும்.

9. கூட்டல்

ஊரடங்கு நான்கு, டெல்லி பதினெட்டு, மிஷின் ஒன்பது, நூல் நான்கு, ரத்தான ஆர்டர் ஆறு, மூடத் தாமதம் ஒன்பது. மொத்தம் 50 லட்சம். காலத்தின் பங்கு 17; தவிர்த்திருக்கக்கூடியது 33. இடைப்பட்ட காலத்தில் தையலில் வந்த உண்மை லாபமும் வீட்டுச் செலவுக்கு எடுத்ததும் ஏறக்குறைய ஈடாகிவிட்டன. சொந்த முதல் 44 லட்சமும் போய், மேலே ஆறு லட்சம் கடன் நின்றது. ஒரு வீட்டுமனையை விற்று அதைக் கட்டினார்கள்.

கெட்ட நேரம் மட்டும் வந்து தவறு ஒன்றும் இல்லாதிருந்தால் 27 லட்சம் மிஞ்சியிருக்கும். வங்கியின் 40ஐயும் சேர்த்தால் 67 லட்சம். மாதம் 17 லட்சத்துக்கு ஓட்டலாம். கம்பெனி சிறுத்திருக்கும், இருந்திருக்கும்.

இதன் மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 33 லட்சத்தில் டெல்லியின் பதினொன்றும் நூலின் நான்கும், காலம் அடிக்காதிருந்தால் நட்டமாகவே மாறியிருக்காது. அந்த வியாபாரி உயிரோடு இருந்திருந்தால், விலை ஏறாதிருந்தால், இதே முடிவுகளை எடுத்த இந்த முதலாளியை நாம் துணிச்சல்காரர் என்று பாராட்டியிருப்போம். இன்று திருப்பூரில் நன்றாக ஓடும் கம்பெனிகள் சிலவற்றிலும் ஒரே பார்ட்டியிடம் 26 லட்சம் நிற்கிறது. அடி இன்னும் விழவில்லை. ஆகவே எதனால் மூடியது என்ற கேள்விக்கு இந்த அறிக்கையில் ஒற்றை விடை இல்லை. அடுத்த தொழிலுக்கு எதை எடுத்துச் செல்வது என்ற கேள்விக்கு விடை இருக்கிறது. பார்ட்டிக்குப் பத்து லட்சம் என்ற வரம்பு. வருட லாபத்தைக் கிலோவில் சரிபார்ப்பது. சி.சி.யில் மிஷின் வாங்காதிருப்பது. வெளிக்கடன் வட்டி பீஸ் லாபத்தைத் தாண்டும் நாளில் நிறுத்துவது. நூலை ஆர்டர் அன்றே வாங்கும் பழக்கத்தை, ஆறு லட்சம் போனாலும், விடாதிருப்பது.

அந்த முதலாளி இப்போது வேறொரு கம்பெனியில் புரொடக்ஷன் மேனேஜராக இருக்கிறார். அந்த அம்மா மூன்று சிறிய யூனிட்டுகளுக்குக் கணக்கு எழுதுகிறார்.

இந்த அவையில் இருக்கும் பட்டயக் கணக்காளர்களிடமும் ஆய்வு மாணவர்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்களுக்குத் தெரிந்த கம்பெனி ஒன்று மூடினால், பில்லும் நோட்டும் பழைய பேப்பர்க் கடைக்குப் போவதற்கு முன், மூன்று மாதத்துக்குள் அந்தக் குடும்பத்தோடு உட்காருங்கள். நான்கு பக்கம் போதும். தேதி, அன்று எடுத்த முடிவு, அன்று கையில் இருந்த காகிதம், அவர்களே வைத்திருந்த விதி, போன தொகை. பெயரை நீக்கிவிட்டு இந்த வணிகவியல் துறையிடம் கொடுங்கள். சேர்த்து வைக்கத் துறைத் தலைவர் இசைந்திருக்கிறார். முதல் அறிக்கையாக, அந்தக் குடும்பத்தின் அனுமதியோடு, இதை இன்று அவரிடம் கொடுக்கிறேன்.